வாகன் ஆரின் ‘ஹைப்ரிட்’ பேட்ஜ்: திருகோணமலை ஓட்டத்துக்கு எவ்வளவு பெற்றோல் மிஞ்சும்?

“அண்ணா, உப்புவெளியில் இருந்து சீனக்குடாவுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். போக வர 30 கிலோமீற்றர். மாதத்துக்கு ஒரு தடவை கொழும்பு. 2017 வாகன் ஆர் ஒன்று பார்த்தேன், பின்னால் ஹைப்ரிட் என்று பேட்ஜ் ஒட்டியிருக்கிறது. அதே வருடத்து சாதா பெற்றோல் வாகன் ஆர் 4 லட்சம் குறைவு. ஹைப்ரிட் லீற்றருக்கு 33 ஓடும் என்று புரோக்கர் சொல்கிறார். மைல்ட் ஹைப்ரிட் என்றால் உண்மையில் என்ன? அந்த 4 லட்சத்தைப் பெற்றோலில் எடுத்துவிடலாமா?”

எடுக்க முடியாது, தம்பி. நீங்கள் சொல்லும் ஓட்டத்துக்கு மாதம் 4 லீற்றர் மிஞ்சினாலே நல்ல மிச்சம். வாகனம் கூடாது என்று சொல்லவில்லை. சின்னக் குடும்பத்துக்கு அருமையான கார். ஆனால் அந்தப் பேட்ஜை நம்பி 4 லட்சம் கூடக் கொடுப்பதற்கு முன் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

நம் ஊரில் ஹைப்ரிட் என்றதும் எல்லோருக்கும் அக்வாவும் பிரியஸும்தான் நினைவுக்கு வரும். அந்த நினைப்பில்தான் குழப்பமே தொடங்குகிறது. பழைய அக்வாவில் இருக்கும் மோட்டர் 45 கிலோவாட். அதன் பற்றரி 144 வோல்ட், ஏறக்குறைய 940 வாட்-மணி மின்சாரம் பிடிக்கும். மெதுவாக மிதித்தால் எஞ்சின் அணைந்தபடியே கார் சந்தியைத் தாண்டிப் போகும். நீங்கள் பார்த்த 2017 வாகன் ஆரில் இருப்பது 2.3 கிலோவாட் மோட்டர். லிதியம் பற்றரி 12 வோல்ட், 10 அம்பியர்-மணி, அதாவது 120 வாட்-மணி. மோட்டரில் இருபதில் ஒரு பங்கு, பற்றரியில் எட்டில் ஒரு பங்கு. இரண்டின் பின்புறத்திலும் ஒட்டியிருப்பது என்னவோ ஒரே சொல்தான்.

அந்த மோட்டர் தனியான ஒரு மோட்டரும் இல்லை. சாதா காரில் ஓல்டர்னேட்டர் இருக்கும் இடத்தில், அதே மாதிரி பெல்ட்டில் ஓடும் கொஞ்சம் பலமான ஓல்டர்னேட்டர் அது. கார் வேகம் குறையும்போது மின்சாரம் உற்பத்தி செய்யும். நீங்கள் மிதிக்கும்போது அந்த மின்சாரத்தை வாங்கி, பெல்ட் வழியாக எஞ்சினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். கார் நிற்கும்போது எஞ்சினைத் தானாக அணைக்கும் ஐடில் ஸ்டொப்பில் அணைந்த எஞ்சினைச் சத்தமில்லாமல் மறுபடி எழுப்பும். இந்த மூன்றும்தான் அதன் வேலை, மைல்ட் ஹைப்ரிட் என்பது இவ்வளவுதான். எஞ்சின் இல்லாமல் ஓடுவது என்று பார்த்தால், இந்த மொடலில் நின்ற இடத்தில் இருந்து ஊர்ந்து புறப்படும்போது மட்டும், அதிகம் 10 விநாடி. அதற்கு மேல் எஞ்சின் ஓடித்தான் ஆக வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 2012இல் வந்த வாகன் ஆரில் மோட்டரே கிடையாது. லிதியம் பற்றரியும் பலமான ஓல்டர்னேட்டரும் மட்டும்தான். வேகம் குறையும்போது சார்ஜ் செய்து, அதை லைட்டுக்கும் ஃபேனுக்கும் கொடுக்கும். சுசுகி அதை ‘எனெ சார்ஜ்’ என்று அழைத்தது. 2014இல் எஞ்சினுக்குக் கைகொடுக்கும் 1.6 கிலோவாட் மோட்டராக அதை மாற்றி ‘எஸ் எனெ சார்ஜ்’ என்றார்கள். 2017இல் மோட்டரையும் பற்றரியையும் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கி ‘ஹைப்ரிட்’ என்று பேட்ஜ் ஒட்டினார்கள். இது ஒரே சாமான் படிப்படியாக வளர்ந்த கதை. சாமான் வளர்ந்த அளவை விடப் பெயர் வளர்ந்த அளவுதான் அதிகம் என்பது என் கருத்து.

சரி, பெற்றோல் எந்த வழியில் மிஞ்சுகிறது? இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, கார் நிற்கும்போது எஞ்சினை அணைப்பது. மற்றது, பிறேக்கில் சூடாகி வீணாகப் போகும் சக்தியில் ஒரு பங்கை மின்சாரமாகப் பிடித்துவைப்பது. மோட்டர் தள்ளுவதை நான் மூன்றாவது வழியாக எண்ணவில்லை. தள்ளுவதற்கான மின்சாரம் அந்த இரண்டாவது வழியில் பிடித்ததுதானே. தானாக எங்கிருந்தும் வரவில்லை.

முதலில் நிற்கும் நேரத்தைப் பார்ப்போம். 660 சிசி எஞ்சின் ஏசியோடு சும்மா நின்று உறுமினால் மணிக்கு அரை லீற்றருக்கு மேல் குடிக்கும். நிமிடத்துக்கு 10 மில்லி என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். உப்புவெளியில் இருந்து நகரத்துக்குள் வந்து, அநுராதபுரச் சந்தி தாண்டி, சீனக்குடாப் பக்கம் போய்ச் சேரும்வரை நீங்கள் எவ்வளவு நேரம் முற்றாக நிற்கிறீர்கள்? சிக்னல் என்று பெரிதாக எதுவும் இல்லை. பாடசாலை விடும் நேரம், பஸ் நிற்கும் இடம், ரோட்டில் நிதானமாக நடக்கும் நம் ஊர் மான்கள், இதையெல்லாம் சேர்த்தாலும் போக வர 6 நிமிடத்தைத் தாண்டாது. அது 60 மில்லி பெற்றோல்.

அந்த 6 நிமிடமும் எஞ்சின் அணைந்திருக்குமா என்றால் அதுவும் இல்லை. இந்தக் காரில் ஏசி கொம்பிரசர் எஞ்சின் பெல்ட்டில்தான் ஓடுகிறது. எஞ்சின் அணைந்தால் குளிர் நின்றுவிடும், ஃபேன் மட்டும் சுற்றும். குளிரைக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கும் ஒரு பொருளை ஏசிக்குள் சுசுகி வைத்திருக்கிறது, ஆனால் அது ஜப்பான் கோடைக்காகச் செய்தது. வைகாசி, ஆனி வெயிலில் உள்ளே சூடு ஏறத் தொடங்கியதும் கார் தானாகவே எஞ்சினை எழுப்பிவிடும். சில நாள் அணையவே மாட்டேன் என்று நிற்கும். அதனால் 60 மில்லியில் பாதி மிஞ்சும் என்று வைப்போம், 30 மில்லி.

அடுத்தது பிறேக். இங்கேதான் ‘மைல்ட்’ என்பதன் எல்லை தெரிகிறது. இரண்டு பேரோடு காரின் எடை 900 கிலோ வரும். மணிக்கு 50 கிலோமீற்றரில் ஓடும்போது அதன் வேகத்துக்குள் இருக்கும் சக்தி 24 வாட்-மணி. அதை முழுதாகப் பிடிக்க முடிந்தால் நல்லதுதான். ஆனால் நீங்கள் 8 விநாடியில் நிறுத்திவிடுகிறீர்கள். அந்தச் சின்ன மோட்டர் விழுங்கக்கூடியது சுமார் 2 கிலோவாட். எட்டு விநாடிக்கு அது பிடிப்பது நாலு அல்லது நாலரை வாட்-மணி. மிச்சம் காற்றோடும் பிறேக் பேட் சூட்டோடும் போய்விடும். குறுகிய வாய்ப் போத்தலில் வாளித் தண்ணீரைச் சட்டென்று கவிழ்ப்பது போலத்தான். வாளி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் போத்தலின் வாய்தான் கணக்கு. அக்வாவில் இந்த வாய் பெரிது, அதனால்தான் அதே நகர ஓட்டத்தில் அது பல மடங்கு மிச்சம் பிடிக்கிறது.

அந்த நாலரை வாட்-மணி என்ன பெறுமதி? கார் ஓடிக்கொண்டிருந்தால் ஏசி ஃபேன், ரேடியேட்டர் ஃபேன், பெற்றோல் பம்ப், லைட், பாட்டுப்பெட்டி என்று எல்லாமாக எப்போதும் 300 வாட் அளவு மின்சாரம் வேண்டும். சாதா காரில் இதைப் பெற்றோலை எரித்து, ஓல்டர்னேட்டரைச் சுற்றித்தான் எடுக்க வேண்டும். வழியில் கொஞ்சம் எஞ்சினில் போகும், கொஞ்சம் ஓல்டர்னேட்டரில் போகும். அந்த வழியில் நாலரை வாட்-மணி எடுக்க ஏறக்குறைய 2.5 மில்லி பெற்றோல் செலவாகும். ஆகவே ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் அரைத் தேக்கரண்டி பெற்றோல் மிஞ்சுகிறது. மோட்டர் எஞ்சினைத் தள்ளுகிறது என்று மீற்றரில் படம் காட்டினாலும், உண்மையான மிச்சத்தில் பெரும் பகுதி இந்த லைட், ஃபேன் கணக்கில்தான் வருகிறது. யாரும் விளம்பரத்தில் சொல்லாத பகுதி இது.

போகும்போது 20, வரும்போது 20 என்று நாளுக்கு 40 தடவை நல்லா வேகம் குறைக்கிறீர்கள் என்று வைத்தால் 100 மில்லி. நிற்கும் நேரத்து 30 மில்லியும் சேர்த்தால் 130 மில்லி. சாதா வாகன் ஆர் ஏசியோடு நகரத்தில் லீற்றருக்கு 15 ஓடும் என்றால், உங்கள் 30 கிலோமீற்றருக்கு 2 லீற்றர் வேண்டும். 2 லீற்றரில் 130 மில்லி என்பது 6.5 சதவீதம். நான் தாராளமாக 8 சதவீதம் என்றே போட்டுக்கொள்கிறேன். மென்மையாக ஓட்டுபவருக்கு அந்த அளவு கிடைக்கும்.

கொழும்புப் பயணம் வேறு கதை. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று 260 கிலோமீற்றர் போகிறீர்கள். கந்தளாய் தாண்டி ஹபரணை வரைக்கும் காட்டு வழியில், யானை குறுக்கே நிற்காத நாளில், பிறேக்கைத் தொட வேலையே இல்லை. மணிக்கு 80இல் போக இந்தக் காருக்கு 7 அல்லது 8 கிலோவாட் வேண்டும். அதில் பெரும் பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. காற்றுக்குக் கொடுத்த சக்தியை எந்த ஹைப்ரிட்டும் திரும்ப வாங்க முடியாது. பிடிப்பதற்கு பிறேக் சக்தி இல்லை, அணைப்பதற்கு நிற்கும் நேரமும் இல்லை. 120 வாட்-மணிப் பற்றரி நிரம்பியிருந்தாலும் 2.3 கிலோவாட்டில் மூன்று நிமிடத்துக்கே காணும். குருநாகல், கொழும்பு நெரிசலில் கிடைப்பதையும் சேர்த்து முழுப் பயணத்துக்கும் 2 சதவீதம் என்று போடலாம்.

அப்படியானால் புரோக்கர் சொல்லும் 33 எங்கிருந்து வந்தது? அவர் பொய் சொல்லவில்லை. ஜப்பானின் ஜேசி08 சோதனையில் 2017 வாகன் ஆர் ஹைப்ரிட் எஃப்எக்ஸ் எடுத்தது லீற்றருக்கு 33.4 கிலோமீற்றர். அதே சோதனையில், ஒட்டோ கியரோடு வந்த சாதா பெற்றோல் எஃப்ஏ எடுத்தது 26.8. இந்த இரண்டாவது எண்ணைத்தான் புரோக்கர்மார் சொல்வதில்லை! சாதா வாகன் ஆரும் அந்த மேடையில் 26.8 ஓடியிருக்கிறது. நம் ரோட்டில் அது 15 ஓடுகிறது என்றால் 33உம் அதே மாதிரிக் கீழே வரத்தானே வேண்டும்.

அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். காரை உருளைகளின் மேல் வைத்து 20 நிமிடம் ஓட்டுவார்கள். 8 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீற்றர், அதிகபட்சம் 82. ஏசி போடுவதில்லை. முக்கியமானது இதுதான்: அந்த 20 நிமிடத்தில் கிட்டத்தட்ட 6 நிமிடம் கார் சும்மா நிற்கிறது. டோக்கியோ நெரிசலுக்கு அது சரி. நீங்கள் நாள் முழுக்க நிற்கும் 6 நிமிடத்தை அந்தச் சோதனை ஒரே 20 நிமிடத்துக்குள் நிற்கிறது. எஞ்சினை அணைக்கும் காருக்கு இதைவிட நல்ல பரீட்சை கிடைக்காது.

100 கிலோமீற்றருக்கு மாற்றிப் பார்த்தால் எஃப்ஏக்கு 3.73 லீற்றர், ஹைப்ரிட்டுக்கு 2.99. இருபது சதவீத வித்தியாசம். ஆனால் இரண்டும் வேறு வேறு தரத்தில் வந்த வாகனங்கள், அதனால் முழுவதையும் மோட்டர் கணக்கில் எழுதுவது சரியில்லை. இன்னும் சுத்தமான ஒப்பீடு இந்தியாவில் 2023இல் தற்செயலாகக் கிடைத்தது. மாருதி சுசுகி பிரெஸ்ஸாவின் கைக்கியர் மொடலில் இருந்து மைல்ட் ஹைப்ரிட்டை எடுத்துவிட்டார்கள். அதே 1.5 லீற்றர் எஞ்சின், அதே கார். அரசுச் சோதனை எண் லீற்றருக்கு 20.15இல் இருந்து 17.38க்கு இறங்கியது. 14 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்தச் சோதனையிலும் நேரத்தில் கால்வாசி கார் நின்றபடிதான் இருக்கிறது, ஏசி கிடையாது. ஆகவே நிறைய நிற்கிற, ஏசி போடாத ஓட்டத்தில் 14இல் இருந்து 20 சதவீதம் வரை என்பது இந்தத் தொழில்நுட்பத்தின் உச்சம். உங்கள் ஓட்டம் அந்த உச்சத்துக்குக் கிட்டவும் வராது.

இனி உங்கள் காசைப் பார்ப்போம். வேலை நாள் 22, நாளுக்கு 30 கிலோமீற்றர், மாதம் 660. சாதா காரில் லீற்றருக்கு 15 என்றால் 44 லீற்றர். கொழும்பு போக வர 520 கிலோமீற்றர், நெடும் பயணத்தில் லீற்றருக்கு 20 என்றால் 26 லீற்றர். மொத்தம் 70 லீற்றர். ஹைப்ரிட்டில் 44க்கு 8 சதவீதம் மிச்சம், அது மூன்றரை லீற்றர். 26க்கு 2 சதவீதம், அரை லீற்றர். மொத்தமாக மாதம் 4 லீற்றர். பெற்றோல் விலை மாறிக்கொண்டே இருக்கும், கணக்குக்கு லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் மாதம் 1,200 ரூபா, வருடம் 14,400. நாலு லட்சத்தை எடுக்க 27 வருடத்துக்கு மேல் வேண்டும். அதற்குள் அந்தக் காரைப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பீர்கள்.

புத்தகத்தில் இருக்கும் 20 சதவீதம் அப்படியே கிடைக்கிறது என்று வைத்தாலும் மாதம் 14 லீற்றர், வருடம் 50,400 ரூபா. அப்போதும் 8 வருடம். கொழும்பு நகரத்துக்குள்ளேயே தினமும் ஊர்ந்து திரிபவருக்குக் கூட இந்த 8 வருடத்தில் இருந்து பெரிதாக இறங்காது. அங்கே குடிக்கும் அளவு கூட, நிற்கும் நேரமும் கூட, ஆனால் ஏசியும் எந்நேரமும் ஓடுகிறது.

இந்தக் கணக்கில் ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன் என்று நீங்கள் கேட்கலாம். விற்கும்போது ஹைப்ரிட்டுக்குக் கூட விலை வருமே? வரும். நம் சந்தையில் பேட்ஜுக்கு மரியாதை இருக்கும் வரை அந்த 4 லட்சத்தில் ஒரு பங்கு திரும்பி வரும். ஆனால் அது பெற்றோல் மிச்சம் இல்லை, பற்றரி நல்ல நிலையில் இருந்தால் மட்டும் கிடைப்பது. 2017 வாகனத்தின் லிதியம் பற்றரி நீங்கள் விற்கும்போது இன்னும் கிழடாகியிருக்கும். அதோடு எஃப்ஏ என்பது ஆகக் கீழ்த் தரத்து மொடல், வசதிகள் குறைவு. ஹைப்ரிட்டில் கூடுதலாக இருக்கும் வசதிகள் உங்களுக்குத் தேவையென்றால் அவற்றுக்கு ஒரு விலை போடுங்கள். பெற்றோலுக்காக மட்டும் என்றால், 5 வருடம் வைத்திருக்கப்போகிறீர்கள் என்று எடுத்து 72,000 ரூபாவுக்கு மேல் நான் கொடுக்க மாட்டேன். வட்டி கட்டி லீசிங்கில் எடுப்பதாக இருந்தால் அதுவும் கூட.

எதை வாங்கினாலும், ஹைப்ரிட் என்று காட்டுவது உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பேட்ஜை 500 ரூபாவுக்கும் வாங்கி ஒட்டலாம். சேசிஸ் எண் MH55S என்று தொடங்கினால் 2017 ஹைப்ரிட், MH35S என்றால் அதே உருவத்தில் வந்த சாதா பெற்றோல். பொனட்டைத் திறந்து தடித்த செம்மஞ்சள் நிற வயர் தேடாதீர்கள். அது அக்வா மாதிரி உயர் வோல்ட் ஹைப்ரிட்டுக்குத்தான் இருக்கும், இந்த 12 வோல்ட் வாகனத்தில் இருக்காது. இல்லை என்பதால் பயப்படவும் வேண்டாம்.

ஓட்டிப் பார்க்கப் போகும்போது காலையில், எஞ்சின் ஆறியிருக்கும் நேரத்தில் போங்கள். முதல் ஸ்டார்ட் வழக்கமான ஸ்டார்ட்டர் சத்தத்தோடுதான் வரும், அது சரி. 15 நிமிடமாவது ஓட்டி எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஏசியை அணைத்துவிட்டு, பிறேக்கை அழுத்தி முற்றாக நில்லுங்கள். எஞ்சின் அணைய வேண்டும். பிறேக்கை விட்டதும் ‘கிர்ர்’ என்ற ஸ்டார்ட்டர் சத்தம் இல்லாமல், மெல்ல எழும்ப வேண்டும். அந்த எழுப்பலைப் பெல்ட்டில் இருக்கும் மோட்டர்தான் செய்கிறது. எழும்பும்போது பெல்ட் கீச்சிட்டால் பெல்ட்டோ அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோ தேய்ந்திருக்கிறது. சாதா காரில் பெல்ட் ஒரு பக்கம்தான் இழுபடும், இதில் இரண்டு பக்கமும் இழுபடுகிறது. அதனால் தேய்மானமும் கூட.

எஞ்சின் அணையவே இல்லையென்றால் உடனே லிதியம் பற்றரி போய்விட்டது என்று முடிவு கட்டவேண்டாம். முதலில் ஐடில் ஸ்டொப் ஓஃப் பட்டன் அமத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், மீற்றரில் அதற்கு லைட் எரியும். அதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் குற்றவாளி பொனட்டுக்குள் தனியாக இருக்கும் சாதா ஈயப் பற்றரிதான். ஐடில் ஸ்டொப் வாகனத்துக்கென்று வரும் பற்றரிக்குப் பதிலாக மலிவானதைப் போட்டிருப்பார்கள், அல்லது அது கிழடாகியிருக்கும். கடற்காற்றில் டேர்மினலில் வெள்ளையாகப் பூத்திருக்கும். அது பலவீனமாக இருந்தால் மறுபடி எழுப்ப முடியுமோ என்ற பயத்தில் கார் எஞ்சினை அணைக்காது. இந்த நிலையில் ஓடும் மைல்ட் ஹைப்ரிட் நிறைய இருக்கிறது. பேட்ஜ் பின்னால் மினுங்கும், பெற்றோல் மட்டும் சாதா காரைப் போலவே போகும், உரிமையாளருக்குக் காரணம் தெரியாது.

ஈயப் பற்றரி நல்லதாக இருந்தும் அணையவில்லை, மிதிக்கும்போது மீற்றரில் மோட்டர் உதவுவதற்கான படமும் வரவில்லை என்றால்தான் லிதியம் பற்றரியைச் சந்தேகிக்க வேண்டும். அது முன் பயணி இருக்கைக்குக் கீழே இருக்கிறது. இடம் முக்கியம், ஏனென்றால் கார்த்திகை, மார்கழி மழையில் உள்ளே தண்ணீர் ஏறிய வாகனங்கள் நம் மாவட்டத்தில் விலைக்கு வருவதுண்டு. அந்த இருக்கைப் பக்கத்துக் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். சேற்றுக் கோடு, துரு பிடித்த இருக்கை ஆணி, பூஞ்சண வாசம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாகனத்தை விட்டுவிடுங்கள். ஸ்கானர் வைத்திருக்கும் எலக்ட்ரீசியன் ஒருவரிடம் காட்டினால் லிதியம் பற்றரி தொடர்பான குறியீடுகள் பதிவாகியிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். விற்பவர் ஸ்கானர் போட விடமாட்டேன் என்றால் அதுவே ஒரு பதில்.

ஹைப்ரிட்டையே வாங்கிவிட்டால், அந்த 8 சதவீதத்தை எடுப்பது உங்கள் வலது காலில் இருக்கிறது. மோட்டர் 2 கிலோவாட்டுக்கு மேல் விழுங்காது என்று சொன்னேன் அல்லவா. அதனால் அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். சந்தி கண்ணில் பட்டதும் காலை எடுத்துவிட்டு, 8 விநாடியில் நிறுத்துவதை 16 விநாடியாக நீட்டினால் பிடிபடும் மின்சாரம் இரட்டிப்பாகும் அளவுக்கு வரும். பின்னால் வரும் பஸ் ஹோர்ன் அடிக்கும்தான். மீற்றரில் காட்டும் கிலோமீற்றர் எண்ணை நம்பி என்னிடம் வந்து சண்டை பிடிக்காதீர்கள், அது வழக்கமாகக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். ஒரே பெற்றோல் செட்டில், ஒரே பம்பில், பம்ப் தானாக நிற்கும் வரை நிரப்பி, ஓடிவிட்டு, மறுபடி அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தை இரண்டாவது தடவை ஊற்றிய லீற்றரால் பிரியுங்கள். ஒரு டாங்கியை மட்டும் வைத்து முடிவெடுக்கவும் வேண்டாம். 6, 8 சதவீத வித்தியாசம் ரயர் காற்றிலும் ஏசி அளவிலும் மறைந்துவிடக்கூடிய சின்ன வித்தியாசம்.